வைவாவுக்கு ஒரு பக்கம்: எளிய ஊசலைச் சுருக்குவது எப்படி?

ஒவ்வொரு வருடமும் இந்தக் காலத்தில் என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரியான செய்தி வரும். கம்பஸிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ முதலாம் வருடம் படிப்பார்கள். "சேர், திங்கட்கிழமை லெப் வைவா. மெனுவல்ல ஒரு பரிசோதனைக்கே ஆறு பக்கம் இரிக்கி. எதப் பாடமாக்குற?" என்று கேட்பார்கள்.

பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. உயர்தரத்தில் இவர்கள் பரிசோதனைகளைச் சந்தித்தது பெரும்பாலும் தாளில்தான். அமைப்புக் கட்டுரை வினாவில் இடைவெளி தந்திருப்பார்கள், அதில் எழுதிப் பழகியிருக்கிறார்கள். வைவாவில் இடைவெளி இல்லை. எதிரில் ஒருவர் அமர்ந்து, "ஏன்?" என்று கேட்பார். பதில் சொன்னால் அதற்கும் ஒரு "ஏன்?" வரும். நல்லாச் செய்த பிள்ளையே மூன்றாவது "ஏன்?" இல் வாயடைத்துப்போய், புள்ளியை இழந்துவிட்டு வெளியே வருவதுண்டு.

போன மாதம் ஒரு பிள்ளை தன் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பினாலான ஆர்முடுகலைத் துணியும் பரிசோதனை. ஆறு பக்கத்தை இரண்டு பக்கமாக்கியிருந்தாள். அழகான எழுத்து. ஆனால் சுருக்கியது வசனங்களைத்தான், பரிசோதனையை அல்ல. நோக்கத்தில் "g ஐக் காணல்" என்று இருந்தது. வழுக்கள் என்ற தலைப்பின் கீழ் "இடமாறு தோற்ற வழு, மனித வழு, காற்றின் தடை" என்று மூன்று சொற்கள். இந்த மூன்று சொற்களையும் எந்தப் பரிசோதனையின் கீழும் எழுதலாம். வைவாவில் ஆளை மாட்டிவிடுவது இப்படியான சொற்கள்தான். "மனித வழு என்றால் எந்த வாசிப்பில்? எவ்வளவு? உங்கட g கூடுமா குறையுமா?" என்று அடுத்த கேள்வி வந்தால் கொப்பி கை கொடுக்காது.

அன்று இரவு அவளோடு தொலைபேசியில் இருந்து, அதே பரிசோதனையை ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெனுவலை மூடி வைக்கச் சொன்னேன். சமன்பாட்டை மட்டும் எழுதச் சொன்னேன்.

T = 2π√(l/g)

இதை வர்க்கித்தால் T² = (4π²/g) l. T என்பது ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரம். l என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையான நீளம். ஆகவே இந்தப் பரிசோதனையில் நாம் அளப்பது இரண்டே இரண்டுதான்: ஒரு நீளம், ஒரு நேரம். ஆறு பக்கத்தில் எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் ஒழுங்காக அளப்பதற்கான ஏற்பாடுகள். இது மனதில் இருந்தால் எந்த வரி முக்கியம், எதை விடலாம் என்று தானாகத் தெரியும்.

இனி நோக்கம். "g ஐக் காணல்" என்பது பாதி நோக்கம். எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், விடையை எங்கிருந்து எடுக்கிறோம் ஆகிய மூன்றும் நோக்கத்தில் இருக்க வேண்டும். நாங்கள் எழுதியது இது: "எளிய ஊசலின் நீளத்தை மாற்றி அலைவுகாலத்தை அளந்து, T² எதிர் l வரைபின் படித்திறனிலிருந்து g ஐத் துணிதல்." ஒரே வசனம். இதைச் சொன்னவுடன் பரீட்சகர் "படித்திறன் எதற்குச் சமன்?" என்று கேட்பார். 4π²/g. அந்தக் கேள்வியை நாமே வரவழைத்துவிட்டோம், விடையும் கையில் இருக்கிறது.

அடுத்தது செய்முறை. அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மெனுவலின் ஒவ்வொரு படியையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "இதைச் செய்யாமல் விட்டால் நீளம் பிழைக்குமா, நேரம் பிழைக்குமா?" இரண்டும் பிழைக்காது என்றால் அந்தப் படி வைவாப் பக்கத்துக்குத் தேவையில்லை. "தாங்கியை மேசைமீது வைக்க", "வாசிப்புகளை அட்டவணைப்படுத்துக" போன்றவை அப்படியே போய்விட்டன. ஏதாவது ஒன்று பிழைக்கும் என்றால் படியை வைத்துக்கொள்ள வேண்டும். எது பிழைக்கும் என்ற பதிலை அதே வரிக்கு எதிரே எழுத வேண்டும். அந்தப் பதில்தான் வழு. வழுக்களுக்கென்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

நாலு படிகள் மிஞ்சின. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நூலை இரண்டாகப் பிளந்த தக்கைக்கு நடுவில் வைத்து இறுக்குவது. "ஏன் சும்மா கம்பியில் கட்டினால் என்ன?" என்று கேட்பார்கள். கம்பியில் சுற்றிக் கட்டினால் ஊசல் ஆடும்போது நூல் கம்பியின் வளைவில் பட்டு விலகும். தொங்கும் புள்ளி ஓரிடத்தில் நிற்காது, நீளம் ஆட்டத்துக்குள்ளேயே மாறும். தக்கையின் கீழ் விளிம்பில் நூல் ஒரே புள்ளியில் வெளியே வருகிறது. நாம் அளக்கும் நீளமும் ஊசல் உண்மையில் ஆடும் நீளமும் ஒன்றாகின்றன.

இரண்டாவது, குண்டைத் தொங்கவிட்ட பிறகு நீளத்தை அளப்பது. நூல் பாரத்தில் சற்று நீளும் என்பதால் மேசையில் கிடத்தி அளந்தால் குறைவாக வரும். குண்டின் விட்டத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, அதன் பாதியை நூலின் நீளத்தோடு கூட்டுகிறோம். இந்த ஆரையைப் பற்றிப் பிறகு ஒரு விசயம் சொல்ல இருக்கிறது.

மூன்றாவது, சிறிய கோணத்தில், தள்ளாமல் விடுவது. மேலே உள்ள சமன்பாடு சிறிய கோணத்துக்குத்தான் சரி. கோணம் கூடினால் அலைவுகாலமும் கூடும். 5 பாகையில் அந்தக் கூடுதல் 0.05 சதவீதம் அளவுதான், யாருக்கும் தெரியாது. 30 பாகையில் ஏறத்தாழ 1.7 சதவீதம். g இல் T வர்க்கமாக வருவதால் அது இரட்டித்து, 9.78 வரவேண்டிய இடத்தில் 9.45 போல வரும். இதில் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. 1 மீற்றர் நூலில் குண்டைப் பக்கவாட்டில் 10 சென்ரிமீற்றர் இழுத்தால் கோணம் 6 பாகைக்குள்தான். அதே 10 சென்ரிமீற்றரை 40 சென்ரிமீற்றர் நூலில் இழுத்தால் 14 பாகையைத் தாண்டிவிடும். நூலைக் குறைக்கும்போது இழுப்பையும் குறைக்க வேண்டும். தள்ளாமல் விடச் சொல்வது எதற்கு? தள்ளினால் ஊசல் ஒரே தளத்தில் ஆடாமல் வட்டமடிக்கத் தொடங்கும். அது வேறொரு ஊசல், சமன்பாடும் வேறு. வட்டமடித்தால் நிறுத்தி மீண்டும் விட வேண்டும்.

நாலாவது, குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது கடிகாரத்தைத் தொடக்கி, 20 அலைவுகளுக்கு நேரம் எடுப்பது. அவளிடம் "ஏன் நடுப்புள்ளி?" என்று கேட்டேன். "மெனுவல்ல அப்பிடித்தான் சேர் போட்டிரிக்கி" என்றாள். காரணம் இதுதான்: ஓரத்தில் குண்டு தயங்கி நின்று திரும்புகிறது. எந்தக் கணத்தில் நின்றது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். நடுவில் அதன் வேகம் உச்சம், குறியைச் சட்டென்று கடந்துபோகும். ஆகவே கடந்த கணம் தெளிவாகத் தெரியும். அதற்காகத்தான் குண்டு ஓய்வில் தொங்கும்போது நூலுக்கு நேர் பின்னால் ஓர் ஊசியையோ சோக்குக் கோட்டையோ வைக்கிறோம். இடமாறு தோற்ற வழு என்று எழுதினால் இந்த இடத்தில் எழுத வேண்டும்: கண், நூல், குறி மூன்றும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கடக்கும் கணம் பிழைக்கும். இப்போது அந்தச் சொல்லுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

ஏன் 20? இங்கேதான் பிள்ளைகள் ஓர் எண்ணைக் கையில் வைத்திருக்க வேண்டும். கை கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 செக்கன் முன்பின் போகும் என்று வைப்போம். கடிகாரம் 0.01 செக்கன் வரை காட்டினாலும் கை அவ்வளவு நுட்பமில்லை. 1 மீற்றர் ஊசலின் அலைவுகாலம் ஏறத்தாழ 2.01 செக்கன். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அந்த 0.2 என்பது 10 சதவீதம், g இல் 20 சதவீதம். 20 அலைவுகளை அளந்தால் நேரம் 40.2 செக்கன். அதே 0.2 இப்போது 0.5 சதவீதம், g இல் 1 சதவீதம். நீளத்தில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் 0.1 சதவீதம்தான். ஆகவே "இந்தப் பரிசோதனையில் பெரிய வழு எது?" என்று கேட்டால் தயங்காமல் "நேரத்தை அளப்பதில் வருவது" என்று சொல்லி, இந்தக் கணக்கையும் சொல்லலாம். "மனித வழு" என்ற சொல்லுக்கு இப்போது ஒரு பெயரும் அளவும் இருக்கிறது.

செய்முறை முடிந்தபோது உபகரணப் பட்டியலும் தானாக வந்துவிட்டது. அதை வெறும் பெயர்ப் பட்டியலாக எழுத வேண்டாம் என்றேன். வைவாவில் "தக்கை எதற்கு?" என்று கேட்பதைவிட "ஏன் பிளந்த தக்கை?" என்றுதான் கேட்பார்கள். "ஏன் உலோகக் குண்டு? ஏன் சிறியது?" என்பார்கள். பாரமான சிறிய குண்டென்றால் காற்றின் தடை அதன் நிறையோடு ஒப்பிடச் சிறிது. நூலின் நிறையைப் புறக்கணிக்கலாம். குண்டை ஒரு புள்ளியாகவும் எடுக்கலாம். பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லில்தான் கேள்வி இருக்கிறது. அதனால் பட்டியலில் அந்தச் சொற்களுக்குக் கீழே கோடு போடச் சொன்னேன்.

இப்போது ஆரைக்கு வருகிறேன். "நான் ஆரையைக் கூட்ட மறந்தால் விடை பிழையா?" என்று அவளே கேட்டாள். நல்ல கேள்வி. பதில், எப்படிக் கணித்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆரை 1 சென்ரிமீற்றர் என்று வைப்போம். நூலை 40 சென்ரிமீற்றர் என்று அளந்து, அந்த ஒரு வாசிப்பிலிருந்தே g ஐக் கணித்தால், உண்மை நீளம் 41 என்பதால் விடை 9.54 போல வரும். இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. ஆனால் பல நீளங்களுக்கு வாசிப்பு எடுத்து வரைபு போட்டால், எல்லா நீளமும் அதே 1 சென்ரிமீற்றரால் குறைந்திருக்கும். கோடு முழுவதும் பக்கவாட்டில் நகரும், சரிவு மாறாது. படித்திறன் அதேதான், g யும் அதேதான். கோடு மட்டும் உற்பத்தியினூடாகப் போகாமல், T² அச்சை 0.04 அளவில் வெட்டும். அந்த வெட்டுத்துண்டுதான் மறந்த ஆரையின் அடையாளம். "ஒரு வாசிப்பு போதாதா, ஏன் வரைபு?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் வரைபு எல்லாவற்றையும் திருத்தாது. கடிகாரத்தைத் தொடக்கும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அப்போது "இருபது" என்று நிறுத்தும்போது உண்மையில் முடிந்தது 19 அலைவுகள். ஒவ்வொரு வாசிப்பும் அதே விகிதத்தில் குறையும். புள்ளிகள் அழகாக ஒரு நேர்கோட்டில் விழும், கோடு உற்பத்தியினூடாகவும் போகும், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. விடை மட்டும் 10.8 க்குக் கிட்ட வரும். தொடக்கும்போது "பூச்சியம்" என்று எண்ண வேண்டும். குண்டு ஒரே திசையில் குறியைக் கடக்கும்போது மட்டும் எண்ண வேண்டும். இரண்டு திசையிலும் எண்ணினால் அலைவுகாலம் பாதியாகி g நாலு மடங்காகும். 39 போல ஒரு விடை வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இதனால்தான் அவளிடம் வழுக்களை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். பல அலைவுகளும் மீண்டும் எடுத்த வாசிப்புகளும் குறைப்பவை ஒரு வகை, கை அழுத்தும் நேரம் அதில் வரும். வரைபு நீக்கிவிடுபவை இன்னொரு வகை, ஆரை அதில் வரும். இரண்டாலும் போகாமல் கவனத்தால் மட்டும் தடுக்கக்கூடியவை மூன்றாவது, எண்ணும் பிழையும் பெரிய கோணமும் அதில் வரும். எண்ணும் பிழை g ஐக் கூட்டும், பெரிய கோணம் g ஐக் குறைக்கும். விடை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம்.

கடைசியில் அவள் எழுதிய பக்கம் இப்படி இருந்தது.

நோக்கம்: எளிய ஊசலின் நீளத்தை மாற்றி அலைவுகாலத்தை அளந்து, T² எதிர் l வரைபின் படித்திறனிலிருந்து g ஐத் துணிதல்.

உபகரணம்: சிறிய பாரமான உலோகக் குண்டு, மெல்லிய நீளாத நூல், பிளந்த தக்கை, உறுதியான தாங்கி, மீற்றர் கோல், வேணியர் இடுக்கிமானி, நிறுத்தற் கடிகாரம், குறி ஊசி.

செய்முறை: நூலைப் பிளந்த தக்கையில் இறுக்கு. குண்டு தொங்கும் நிலையில் மையம் வரை நீளத்தை அள. சிறிய கோணத்தில், ஒரே தளத்தில் ஆட விடு. நடுப்புள்ளியில் பூச்சியம் என்று தொடங்கி 20 அலைவுகளுக்கு நேரத்தை இரு தடவை எடு. 40 முதல் 100 சென்ரிமீற்றர் வரை நீளத்தை மாற்றி மீண்டும் செய். T² எதிர் l வரைபு, g = 4π²/படித்திறன்.

வழுக்கள்: கை அழுத்தும் நேரம் (பெரியது, g இல் 1 சதவீதம் அளவு, 20 அலைவுகளால் குறைத்தோம்). ஆரை (வரைபில் வெட்டுத்துண்டாகத் தெரியும், g மாறாது). எண்ணும் பிழை (g கூடும்). பெரிய கோணம் (g குறையும்).

அதன் கீழே இன்னொரு வரியைச் சேர்க்கச் சொன்னேன்: அவளுடைய சொந்த வாசிப்புகள். 40 சென்ரிமீற்றருக்கு 20 அலைவுகள் 25.4 செக்கன், 100 சென்ரிமீற்றருக்கு 40.2 செக்கன். அலைவுகாலம் 1.27, 2.01. வர்க்கித்தால் 1.613, 4.040. வித்தியாசம் 2.427, அதை 0.60 மீற்றரால் பிரித்தால் 4.045. 4π² என்பது 39.48, ஆகவே g 9.76. அவள் வரைபில் கோடு போட்டு எடுத்த விடையும் இதற்குக் கிட்டவே இருந்தது. "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்பது எல்லா வைவாவிலும் வரும் கேள்வி. மெனுவலில் அதற்கு விடை இல்லை. இலங்கையில் g 9.78 அளவு, அவளுடைய 9.76 கை வழுவுக்குள் அடங்குகிறது என்று சொல்ல முடிந்தால், அந்தப் பரிசோதனையைச் செய்தவள் அவள்தான் என்று எதிரில் இருப்பவருக்கு விளங்கும்.

ஒரு விசயம் விளங்க வேண்டும். இந்தப் பக்கத்தை இன்னொருவர் எழுதித் தந்தால் பயனில்லை. ஒவ்வொரு படிக்கும் "நீளம் பிழைக்குமா, நேரம் பிழைக்குமா?" என்று தானே கேட்டு விடை கண்ட பிள்ளைக்குத்தான் மூன்றாவது "ஏன்?" க்கும் பதில் வரும். என் பக்கத்தை அப்படியே பிரதி எடுக்காமல், வேறொரு பரிசோதனையில் முயன்று பாருங்கள்.

பரிவுக் குழாய் அதற்கு நல்லது. இசைக்கவையின் மீடிறன் f, வளி நிரலின் நீளம் l. முதலாம் பரிவில் l + e = v/4f. இங்கே e என்பது முனைத்திருத்தம், குழாயின் வாய்க்கு வெளியேயும் வளி சற்று அதிர்வதால் வருவது. அதைக் கோலால் அளக்க முடியாது. l எதிர் 1/f வரைபு போட்டால் படித்திறன் v/4 ஐத் தரும், முனைத்திருத்தம் வெட்டுத்துண்டில் போய் நிற்கும். ஊசலில் மறந்த ஆரை எங்கே போய் நின்றதோ, அதே இடம்.